இயக்க நரம்பணு நோய்: நா தளருமுன் செய்யத்தக்கவை

‘பட்டம்’ என்னும் சொல்லை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘ப’ பிறக்கும்போது உதடுகள் இறுக மூடித் திறக்கின்றன. ‘ட்ட’ பிறக்கும்போது நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுகின்றது. இவ்விரண்டு ஒலிகளுக்கும் வாயின் பின்புறத்திலுள்ள மென் அண்ணம் மேலெழுந்து மூக்கிற்குச் செல்லும் வழியை அடைத்து நிற்கின்றது. இறுதியில் ‘ம்’ வரும்போது அது கீழிறங்கி, காற்றை மூக்கின் வழியே விடுகின்றது. ஒரு நொடிக்குள் நிகழும் இத்தனை அசைவுகளையும் நாம் எண்ணிச் செய்வதில்லை. மூளையிலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்பணுக்கள் அவற்றை நமக்காகச் செய்து முடிக்கின்றன.

இந்நரம்பணுக்கள் காலப்போக்கில் நலிந்து அழிவதே இயக்க நரம்பணு நோய் எனப்படும். மூளையின் புறணியில் தொடங்கும் மேல் இயக்க நரம்பணுக்களும், மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் இருந்து நேரே தசைக்குச் செல்லும் கீழ் இயக்க நரம்பணுக்களும் இதில் பாதிக்கப்படுகின்றன. மேல் அணு கெட்டால் தசை விறைத்து, அசைவு மந்தமாகும். கீழ் அணு கெட்டால் தசை தளர்ந்து மெலிந்து, தோலுக்கடியில் சிறு துடிப்புகள் தோன்றும். மூளைத்தண்டின் அடிப்பகுதியாகிய முகுளத்திலுள்ள அணுக்கள் கெடும்போது, பேச்சும் விழுங்குதலும் ஒருங்கே பழுதுபடுகின்றன. இரண்டுக்கும் உரிய கருவிகள் உதடு, நா, மென் அண்ணம், தொண்டை ஆகிய அவையே என்பதே இதற்குக் காரணம்.

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் பணியாற்றும் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் இந்நோயைப் பற்றி அறிந்திருப்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. உலகெங்கும் காணப்படும் ஏ.எல்.எஸ். என்னும் வகை பெரும்பாலும் நடுவயதிலோ அதற்குப் பின்னரோ தொடங்குகின்றது. தென்னிந்தியாவிலோ, பள்ளிப் பருவத்தினரையும் இளைஞரையும் பற்றும் மற்றொரு வகையும் உள்ளது. 1970ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் அதனை முதன்முதலாக விவரித்து எழுதினர். அதுமுதல் ‘மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்’ என்னும் பெயர் மருத்துவ நூல்களில் நிலைபெற்றுவிட்டது. பெயரில் ஓர் ஊர் இருந்தபோதிலும் நோய் அவ்வூருக்கு மட்டும் உரியதன்று. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 36 ஆண்டுகளில் கண்ட 116 தென்னிந்திய நோயாளரைப் பற்றி 2008இல் அறிக்கை வெளியிட்டுள்ளனர். இது அரிய நோயே. எனினும், சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே அமைந்த நம் வட்டாரத்தில் ஒரு பள்ளியில் ஒரு மாணவருக்கு இது வருதல் கூடும். வந்தால் அதனை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர், ஆசிரியரே.

மெட்ராஸ் வகையின் இலக்கணம்

இவ்வகையில் கைகால்கள், பெரும்பாலும் கைகள், மெலிந்து வலுவிழக்கும். முகத் தசைகளும் நாவும் தொண்டையும் தளரும். நாவை வாய்க்குள்ளேயே இளைப்பாற வைத்துப் பார்த்தால், அதன் ஓரங்கள் சுருங்கி, மேற்பரப்பு புழு நெளிவது போலத் துடிப்பதைக் காணலாம். நாவை வெளியே நீட்டினால் நலமுள்ளவருக்கும் சிறிது நடுக்கம் இருக்கும்; ஆகையால் உள்ளிருக்கும்போது காண்பதே மெய்யான அடையாளம். இவற்றோடு, மற்ற வகைகளில் பொதுவாகக் காணப்படாத ஒன்று இங்கே சேர்கின்றது. நோயாளருள் பெரும்பான்மையோருக்குச் செவிநரம்பு பாதிக்கப்பட்டு, இரு காதுகளிலும் கேள்வி குறைகின்றது. சிலருக்கு மற்ற அறிகுறிகளுக்கு முன்னரே இது தொடங்கிவிடும்.

நோயின் போக்கிலும் பெரிய வேறுபாடு உண்டு. ஏ.எல்.எஸ். நோயாளருள் பாதிப்பேர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குமேல் வாழ்வதில்லை. மெட்ராஸ் வகையோ மிக மெதுவாகச் செல்வது; அதனையுடையோர் பல பத்தாண்டுகள் வாழ்கின்றனர். எனவே ஒருவருக்கு இந்நோய் எனக் கேட்டவுடன், ‘இனிப் படிப்பு எதற்கு’ என்று பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவது பெரும் பிழையாகும். முப்பது நாற்பது ஆண்டுகள் பேச்சும் கேள்வியும் குன்றிய நிலையில் வாழப்போகும் ஒருவருக்கு எழுத்தறிவே துணை. அத்துணையை அவரிடமிருந்து நாமே பறித்தவராவோம்.

முதலில் விலக்க வேண்டிய இரண்டு

மூக்கொலிப் பேச்சும் விழுங்கத் தடுமாற்றமும் கண்டவுடன் இந்நோயே என்று முடிவு கட்டலாகாது. தகுந்த சிகிச்சையால் கட்டுப்படக்கூடிய நோய்களும் இதே தோற்றத்தோடு வருவதுண்டு. அவற்றுள் ஒன்று மயஸ்தீனியா. அதில் காலையில் தெளிவாக உள்ள பேச்சு மாலையில் குழறும், கண்ணிமை தொங்கும், பொருள்கள் இரண்டாகத் தெரியும், ஓய்வுக்குப்பின் திருந்தும். இயக்க நரம்பணு நோயில் இமை தொங்குவதும் பார்வை இரட்டிப்பதும் பொதுவாக இல்லை.

மற்றது, இளவயதில் செவிக்குறைவும் நாத்தளர்ச்சியும் சேர்ந்து வரும் பரம்பரை நோய் ஒன்று. பிரவுன், வயலெட்டோ, வான் லேரே என்னும் மூவர் பெயரால் அது வழங்குகின்றது. ரிபோஃப்ளேவின் எனப்படும் பி2 வைட்டமினை உயிரணுக்களுக்குள் கொண்டு செல்லும் புரதத்தில் உள்ள குறையே அதன் காரணம் என்று 2010ஆம் ஆண்டு முதல் வெளியான மரபணு ஆய்வுகள் காட்டின. உயர்ந்த அளவில் ரிபோஃப்ளேவின் கொடுக்கப்பட்ட நோயாளர் பலர் தேறியுள்ளனர். நோய் மேலும் முற்றாமல் நின்றவர்களும் உண்டு. இந்நோய் தோற்றத்தில் மெட்ராஸ் வகையை மிகவும் ஒத்திருப்பதால், காது மந்தமும் குழறலும் சேர்ந்துள்ள எந்த இளைஞரைப் பற்றியும், ‘ரிபோஃப்ளேவின் குறைபாடு பார்க்கப்பட்டதா?’ என்னும் கேள்வியை மருத்துவரிடம் கேட்பது அவசியம். மரபணுச் சோதனையின் முடிவு வரக் காலமாகுமாதலால், அதற்குக் காத்திராமலே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவதுண்டு. கடையில் வாங்கும் சாதாரண வைட்டமின் மாத்திரையின் அளவு இதற்குப் போதாது. அளவை நிர்ணயிப்பது மருத்துவரின் பொறுப்பு.

சித்தூரிலிருந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அருகில் உள்ளது. திருப்பதியில் 1993இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தில் நரம்பியல் பிரிவு உண்டு. தசை மின் பரிசோதனை, செவித்திறன் அளவு, இரத்தச் சோதனைகள் ஆகியவற்றை இத்தகைய இடங்களில் செய்துகொள்ளலாம்.

பேச்சு மாறும் வரிசை

பேச்சின் மாறுதல் ஒரே நாளில் வருவதன்று. மென் அண்ணம் தளரும்போது காற்று மூக்கின் வழியே கசிகின்றது. அப்பொழுது ‘ப’ என்பது ‘ம’ போலவும், ‘த’ என்பது ‘ந’ போலவும், ‘ட’ என்பது ‘ண’ போலவும் ஒலிக்கும். நாம் தொடக்கத்தில் சொல்லிப் பார்த்த ‘பட்டம்’ கேட்பவர் காதில் ‘மண்ணம்’ என விழும். நாவின் நுனி தளர்ந்தால் ழகர, ளகர, ணகர, டகரங்கள் மழுங்கும். நாவின் அடிப்பகுதி தளர்ந்தால் ககரம் கெடும். உதடு தளர்ந்தால் பகர மகரங்கள் இறுக்கம் இழக்கும். மேல் நரம்பணுக்கள் மிகுதியாகக் கெட்டவருக்கோ பேச்சு மூக்கொலியாவதைக் காட்டிலும், நெரித்து இழுப்பது போன்று மெதுவாக வெளிப்படும். அவர்களுள் சிலர் சிறு காரணத்துக்கும் அடக்க முடியாமல் சிரிப்பர் அல்லது அழுவர். இதுவும் நரம்பின் செயலேயன்றி, மனத்தின் குற்றமன்று.

இங்கே கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பேச்சின் தெளிவு குறைவதற்கு முன்னர் அதன் வேகம் குறைகின்றது. ஆங்கிலம் பேசும் நோயாளரிடம் செய்த ஆய்வுகளில், நிமிடத்திற்குச் சுமார் 190 சொற்கள் என்னும் வழக்கமான வேகம் 125 அளவுக்கு இறங்கியபின், விரைவிலேயே தெளிவு சரியத் தொடங்குவதைக் கண்டனர். ஆகவே வேறு தொடர்பு முறைகளை ஏற்பாடு செய்யும் பருவம் அதுவே என்று வகுத்தனர். தமிழ்ச் சொற்கள் நீளமானவையாதலால் இந்த எண்களை அப்படியே கொள்ளலாகாது. ஆயின் அவற்றின் விகிதத்தைக் கொள்ளலாம். நோயாளருக்குப் பழக்கமான ஒரு பத்தியை, முதல் சந்திப்பிலேயே இயல்பான வேகத்தில் படிக்கச் செய்து, ஆகும் நொடிகளைக் குறித்துக்கொள்க. பின்னர் மாதம் ஒருமுறை அதே பத்தியைப் படிக்கச் செய்க. முதலில் ஆன நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆகுமாயின், பேச்சு இன்னும் நன்றாகப் புரிந்தபோதிலும், ஏற்பாடுகள் முடிந்திருக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது பொருள்.

குடும்பத்தார் இதனை உணர்வதில்லை. நாள்தோறும் கேட்டுப் பழகிய காதுக்குக் குழறிய பேச்சும் விளங்கும். ‘எங்களுக்குப் புரிகிறதே’ என்று அவர்கள் சொல்வது உண்மையே. எனினும், கடைக்காரருக்கும் மருத்துவருக்கும் புரிகின்றதா என்பதே அளவுகோல்.

எழுத்துப் பலகை

தொடர்புக்கு விலையுயர்ந்த கருவி தேவை என எண்ண வேண்டாம். கை வலுவுள்ளவரை தாளும் எழுதுகோலும் போதும். கைபேசியில் தட்டச்சிட்டதைத் தமிழில் படித்துக்காட்டும் வசதியும் இன்று உண்டு. கையும் தளரும்போது உதவுவது எழுத்துப் பலகை. தமிழில் 247 எழுத்துகளையும் ஒரு பலகையில் எழுதினால் யாரும் தேடிக் களைத்துப்போவர். உயிர் 12, மெய் 18, ஆக முப்பது மட்டும் போதும். வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசைகளில் அவற்றை எழுதலாம்:

1. அ ஆ இ ஈ உ ஊ
2. எ ஏ ஐ ஒ ஓ ஔ
3. க ங ச ஞ ட ண
4. த ந ப ம ய ர
5. ல வ ழ ள ற ன

பேச இயலாதவர் ‘ஆம்’ என்பதற்குக் கண்ணை மேலே உயர்த்துவார் எனக் கொள்வோம். கண்ணசைவு இந்நோயில் பெரும்பாலும் கடைசிவரை கெடுவதில்லை. துணையிருப்பவர் முதலில் வரிசைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார். நோயாளர் கண்ணை உயர்த்தியதும் அவ்வரிசையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார். ‘தண்ணீர்’ வேண்டுமெனில், நான்காம் வரிசையில் முதல் எழுத்து ‘த’ ஐந்து கேள்விகளில் கிடைத்துவிடும். மூன்றாம் வரிசையில் ஆறாம் எழுத்து ‘ண’ ஒன்பது கேள்விகளில் கிடைக்கும். புள்ளியும் இரட்டிப்பும் வேண்டியதில்லை. இந்த இரண்டெழுத்து அளவிலேயே துணைவர், ‘தண்ணீரா?’ என்று கேட்டுவிடலாம். கண் உயர்ந்தால் முடிந்தது. ‘இல்லை’ என்றால் அடுத்த எழுத்துக்குச் செல்லலாம்.

இம்முறையில் தவறு நேரும் இடங்கள் இரண்டு. முதலாவது, நோயாளர் எழுத்தைச் சொல்லி முடிக்குமுன் துணைவர் தாமாகவே சொல்லை ஊகித்து முடித்துவிட்டு, அவரது மறுப்பைக் கவனியாதிருத்தல். ஊகம் எப்பொழுதும் கேள்வியாகவே இருத்தல் வேண்டும். இரண்டாவது, மெட்ராஸ் வகைக்கே உரிய இடர். வாயால் எழுத்தைச் சொல்லிக் கேட்கும் வழக்கமான முறை, காது கேளாதவருக்குப் பயன்படாது. துணைவர் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். பலகை பெரிய எழுத்தில், நல்ல வெளிச்சத்தில், கண்ணெதிரே இருத்தல் வேண்டும். துணைவர் முகத்திலும் வெளிச்சம் விழ வேண்டும். உதட்டசைவைக் கண்டு பொருள் கொள்வது அவர்க்குப் பழக்கமாகிவிடும். செவித்திறன் குறையத் தொடங்கியதுமே காதுக்கருவி பொருத்துவது பலருக்கு உதவும். பேச்சுக்குரிய ஏற்பாடும் செவிக்குரிய ஏற்பாடும் இவ்வகையில் ஒன்றோடொன்று இணைந்தவை.

எந்த எழுத்து என்பதையும் முன்னரே தீர்மானிக்க வேண்டும். நம் எல்லைப்புறத்தில் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு எழுத்துப் படித்தவர் பலர். நோயாளர் விரைந்து படிப்பது எதுவோ, துணைவருக்கும் படிக்கத் தெரிந்தது எதுவோ, அந்த எழுத்திலேயே பலகை அமைய வேண்டும். இருவருக்கும் பொதுவான எழுத்து இல்லையென்றால், ‘வலி’, ‘தண்ணீர்’, ‘திருப்பிப் படுக்க வை’, ‘மூச்சு முட்டுகிறது’, ‘கொசு கடிக்கிறது’ முதலியவற்றுக்கு எண்களோ படங்களோ அமைத்து, எழுத்து தெரியாத தாய்க்கும் பழக்க வேண்டும். எந்தச் சொற்கள் வேண்டும் என்பதை நோயாளரே தேர்ந்தெடுக்க வேண்டும். அவரால் தம் தேவைகளைச் சொல்ல முடியும்போதே அதனைச் செய்தால்தான், பின்னர் அவர் எண்ணாத சொற்களை நாம் அவர் வாயில் திணியாதிருப்போம். பேசும் குரல் நன்றாக உள்ளபோதே, பிள்ளைகளை அழைக்கும் பெயர்களையும் வழக்கமான சொற்களையும் கைபேசியில் பதிந்து வைப்பதும் நன்று.

விழுங்குதலில் கவனம்

விழுங்கத் தளர்ந்தவருக்குக் கெட்டியான உணவே கடினம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் முதலில் இடர் தருவது தண்ணீர். அது வேகமாக ஓடி, தொண்டை மூடுமுன் மூச்சுக்குழலில் இறங்கிவிடுகின்றது. தண்ணீர் குடித்தபின் இருமல், குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரத்தல், மூக்கின் வழியே நீர் வருதல், ஒரு வேளை உணவுக்கு அரைமணிக்கு மேலாதல், அடிக்கடி காய்ச்சலும் மார்புச்சளியும் காணுதல் ஆகியவை எச்சரிக்கைகள். சிலருக்கு இருமலே இல்லாமல் நீர் நுரையீரலுக்குச் செல்லும். ஆகவே இருமல் இல்லை என்பது அபாயம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

நம் வீடுகளில் அண்ணாந்து, உதடு படாமல் தண்ணீர் ஊற்றிக் குடிப்பது வழக்கம். இந்நோயில் அது மிகவும் அபாயம். தலை பின்னால் சாயும்போது மூச்சுவழி திறந்தே இருக்கின்றது. நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயைச் சிறிது கீழே தாழ்த்தி, சிறு மிடறாக, இடையில் பேசாமல் குடிக்கப் பழக்க வேண்டும். புரையேறினால் தலையில் தட்டி, ‘யாரோ நினைக்கிறார்கள்’ என்று சொல்லித் தண்ணீர் கொடுப்பதும் நம் வழக்கமே. இங்கு அது தீங்காகும். முன்னால் சாயச் செய்து, அவர் தாமே இருமி வெளியேற்ற விட வேண்டும். இருமவும் மூச்சுவிடவும் முடியாதபோதுதான் முதுகில் பலமாகத் தட்டி அடைப்பை வெளியேற்ற முயலவேண்டும். உணவுக்குப்பின் வாயை நன்றாகச் சுத்தம் செய்வது, மார்புச்சளிக் காய்ச்சலைக் குறைக்கும் எளிய வழி.

உணவில் ஒரே தன்மை வேண்டும். ரசம் சோற்றில் நீரும் பருக்கையும் தனித்தனியே இருப்பதால் அது கடினம். நன்கு மசித்த தயிர்ச்சோறு எளிது. கேழ்வரகுக் களியை உருண்டையாக விழுங்குவது நம் வட்டாரத்தின் பழக்கம். ஒட்டிக்கொள்ளும் அந்த உருண்டையை விட்டு, அதே மாவைக் கெட்டியான கஞ்சியாகக் காய்ச்சித் தரலாம். நாரற்ற மாம்பழக் கூழ் நன்று. வேர்க்கடலை, முறுக்கு, பொரி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எனினும் ஒருவருக்குப் பொருந்திய பதம் மற்றவருக்குப் பொருந்தாது. பேச்சு விழுங்கல் பயிற்சி நிபுணரின் சோதனைக்குப் பின்னரே தண்ணீரைக் கெட்டியாக்குவது போன்றவற்றை முடிவு செய்ய வேண்டும்.

எடை தொடர்ந்து குறையுமாயின், வயிற்றுச் சுவரின் வழியாக இரைப்பையில் குழாய் பொருத்தி உணவளிக்கலாம். தொடக்க எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதற்கு முன்னும், மூச்சின் கொள்ளளவு எதிர்பார்க்கப்படும் அளவில் பாதிக்குக் கீழே இறங்குமுன்னும் இதைச் செய்வதே பாதுகாப்பு. மூச்சுத் தசைகள் மிகவும் தளர்ந்தபின் மயக்க மருந்தும் சிகிச்சையும் ஆபத்தாகும். குழாய் பொருத்திய பின்னும் விருப்பமான உணவைச் சிறிதளவு சுவைக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டறியலாம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுதல், காலையில் தலைவலி, பகலில் உறக்கம் ஆகியவை மூச்சுத் தளர்ச்சியின் அடையாளங்கள். அவற்றைக் கண்டவுடன் மருத்துவமனைக்கு அனுப்புக.

ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறியவை எங்ஙனம் ஒன்றாகச் சேர்கின்றன என்பதைக் காட்டக் கற்பனையான நிலையொன்றைக் கருதுவோம். சித்தூரை அடுத்த சிற்றூரில் வாழும் மாணவி ஒருத்தி, வயது 17, எடை 44 கிலோ. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. பதினைந்தாம் வயதிலேயே பின்பெஞ்சில் அமர்ந்தால் பாடம் கேட்கவில்லை. கவனமில்லை என்று ஆசிரியர் கண்டித்தார். பின்னர் எழுதுகோல் விரலிலிருந்து நழுவத் தொடங்கியது. இப்பொழுது பேச்சு மூக்கொலியாக உள்ளது. தண்ணீர் சிலவேளை மூக்கின் வழியே வருகின்றது.

ஆசிரியர் செய்ய வேண்டிய முதற்செயல் காது, கை, பேச்சு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் தேதிகளோடு எழுதிக் குடும்பத்தாரிடம் கொடுத்து நரம்பியல் பிரிவுக்கு அனுப்புவதாகும். தனித்தனியே சொன்னால் காது மருத்துவரிடம் ஒன்றும், பொது மருத்துவரிடம் மற்றொன்றும் போய், மூன்றும் ஓரிடத்தில் சேர்வதில்லை. சேர்ந்தால்தான் ரிபோஃப்ளேவின் கேள்வி எழும்.

களப்பணியாளர் அதே நாளில் எடையைக் குறிக்கிறார். 44 கிலோவில் இருபதில் ஒரு பங்கு 2.2 கிலோ. எடை 41.8க்கு இறங்கினால் உணவு நிபுணரிடமும், குழாயைப் பற்றிய ஆலோசனைக்கும் அனுப்ப வேண்டும். 39.6 என்பது பத்தில் ஒரு பங்கு குறைந்த நிலை. அதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு பத்தியைப் படிக்க அவளுக்கு 60 நொடிகள் ஆகின்றன. எட்டு மாதத்திற்குப்பின் 75 நொடிகள். இன்னும் காலம் உள்ளது. ஆயினும் 90 ஆவதற்கு முன் பலகை தயாராக வேண்டும். அவள் தெலுங்கில் விரைந்து படிப்பவள், தாய் எழுத்தறியாதவர். ஆகவே பள்ளிக்குத் தெலுங்கில் ஒன்றும், வீட்டுக்குப் படங்களாலான ஒன்றும் செய்யப்படுகின்றன. தாயும் தங்கையும் தினமும் பத்து நிமிடம் பழகுகின்றனர். காதுக்கருவி பொருத்தப்பட்டதும் வகுப்பில் முன்வரிசையில், ஆசிரியர் முகம் தெரியுமிடத்தில் அமர்கிறாள். விடைகளை எழுதித் தருகிறாள், வாய்மொழித் தேர்வில்லை. அவள் படிப்பு நிற்கவில்லை.

இந்நிலையில் ஏ.எல்.எஸ். உடைய ஒரு முதியவராயின் வேகம் மாறும். மாதக்கணக்கில் நிகழ்வது வாரக்கணக்கில் நிகழும். ரிலுசோல் என்னும் மருந்து வாழ்நாளைச் சில மாதங்களே நீட்டும்; அதனால் ஏற்பாடுகளை நோய் உறுதியான முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

முடிவுகளை முன்னரே கேட்டல்

குழாய் வேண்டுமா, மூச்சுக்கருவி வேண்டுமா, மருத்துவமனையா வீடா என்னும் கேள்விகளுக்கு நோயாளரே விடை சொல்ல வேண்டும். பேச்சு நின்றபின் இவற்றைக் கேட்பது கடினம். கேட்காமல் உறவினர் முடிவு செய்வதோ, பின்னாளில் குடும்பத்துக்குள் மனக்கசப்பாக முடியும். உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில், வயது வந்தவர் சிகிச்சையைப் பற்றிய தம் விருப்பத்தை எழுதிவைக்க அனுமதித்தது. 2023இல் அதன் முறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி ஒருவரோ கெஜட்டட் அலுவலர் ஒருவரோ சான்றளித்தால் போதும். எந்த முடிவையும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பதை நோயாளரிடம் தெளிவாகச் சொல்லுக. எழுதுவதற்குமுன் அவர் அறிந்திருக்க வேண்டிய மற்றொன்று, கேட்கப்படும் சிகிச்சையை மறுப்பது கவனிப்பை மறுப்பதன்று என்பது.

அடுத்த சந்திப்புக்கு நீங்கள் செல்லும்போது, மூன்று பொருள்களைக் கொண்டு செல்க: நொடிமுள் உள்ள கடிகாரம், எடை பார்க்கும் இயந்திரம், ஒரு நோட்டுப்புத்தகம். முதற்பக்கத்தில் அன்றைய நொடிகளும் கிலோவும் பதியப்பட்டுவிட்டால், நா தளர்வதை நாம் காணுமுன்னே அந்த எண்கள் நமக்குச் சொல்லிவிடும்.